மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கோவையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மெத்தைப் பட்டறை இருக்கிறது. முன்பக்கம் சின்னதாக ஒரு கடை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘எத்தனை இன்ச்?’ என்றுதான். அடுத்தது ‘எத்தனை வருஷம் வாரண்டி?’ மூன்றாவது ‘ஹார்டா இருக்குமா?’ இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மெத்தை நல்லதா இல்லையா என்று முடிவு செய்யவே முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: துணியைக் கழற்றினால் உள்ளே எந்தப் பொருள், எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி? இதை அடுக்கு அடுக்காகச் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். சொல்ல மறுத்தால், அந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

முதலில் டென்சிட்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிகக் குழப்பம் அங்கேதான் நடக்கிறது. ஃபோம் வியாபாரத்தில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்வது, அந்த ஃபோம் ஒரு கன மீட்டர் இருந்தால் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதைத்தான். 40 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ. எடை கூடக் கூட உள்ளே பொருள் அதிகம், காற்று குறைவு. அதனால் பல வருடம் அமுக்கினாலும் பழைய உயரத்துக்கு எழுந்து வரும். குறைந்த டென்சிட்டி ஃபோம் ஒன்றிரண்டு வருடத்தில் உட்கார்ந்துவிடும், படுத்த இடம் பள்ளமாகிவிடும்.

ஆனால் டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, 23 டென்சிட்டியில் கெட்டியான ஃபோமும் உண்டு. ஃபோம் ஊற்றும்போது சேர்க்கிற ரசாயன அளவை மாற்றினால் கெட்டித்தன்மையை ஏற்றவும் இறக்கவும் முடியும். கடையில் கையால் அழுத்திப் பார்த்து ‘நல்லா ஹார்டா இருக்கு, ரொம்ப வருஷம் வரும்’ என்று சொல்லும்போது இந்த இரண்டும் கலந்துபோகின்றன. கை அழுத்தம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். நான்கு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை டென்சிட்டிதான் சொல்லும்.

இதற்கு ஒரு உதாரணம். போன வருடம் திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, 92 கிலோ எடை, கீழ்முதுகில் நாள்பட்ட வலி. மனைவி 58 கிலோ. பழைய மெத்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், பழசை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க. ஆறேகாலுக்கு ஐந்து அடி, ஆறு அங்குல ஃபோம் மெத்தை. வேறொரு ஊரில் வாங்கியது, ‘32 டென்சிட்டி’ என்று வாயால் சொல்லி விற்றிருக்கிறார்கள், பில்லில் எதுவும் இல்லை. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கணவர் படுக்கிற பக்கத்தில் இடுப்பு இருக்கும் இடம் கண்ணுக்கே தெரிகிற பள்ளம்.

கவரைக் கழற்றி ஃபோமை மட்டும் தராசில் வைத்தோம். 9 கிலோ காட்டியது. இதிலிருந்து டென்சிட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்குங்கள்: 75 × 60 × 6 = 27,000. அதை 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும்: சுமார் 0.44. எடையை இதால் வகுத்தால் டென்சிட்டி: 9 ÷ 0.44, ஏறக்குறைய 20. உண்மையிலேயே 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் 14 கிலோ இருந்திருக்க வேண்டும். 92 கிலோ ஆளின் இடுப்பை 20 டென்சிட்டி ஃபோம் எத்தனை நாள் தாங்கும்? பள்ளம் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்தக் கணக்கை நீங்களும் வீட்டில் போடலாம். தராசு இல்லையென்றால் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பாருங்கள், அப்புறம் உங்கள் எடையைக் கழியுங்கள். கவருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கழித்தால் போதும். முழுக்க ஃபோம் மெத்தை என்றால் விடை அப்படியே வரும். பல அடுக்கு மெத்தையென்றால் கடையில் சொன்ன டென்சிட்டியை வைத்து ஒவ்வொரு அடுக்கும் எத்தனை கிலோ வர வேண்டும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டி, தராசு காட்டும் மொத்த எடையோடு ஒப்பிட வேண்டும்.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ரீபாண்டட் ஃபோம். வெட்டி மிச்சமான ஃபோம் துண்டுகளை உதிர்த்து, பசை சேர்த்து, அச்சில் அழுத்திச் செய்வது. ஜிப்பைத் திறந்து பார்த்தால் பச்சை, மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று பல நிறத் துணுக்குகள் ஒட்டியிருப்பது தெரியும். இது 80, 100 டென்சிட்டி வரும். அடியில் கெட்டியான தாங்குதளமாகப் போடுவதற்கு ரீபாண்டட் நல்ல பொருள், நாங்களும் போடுகிறோம். ஆனால் ‘மத்தவங்க 40 தர்றாங்க, நாங்க 100 டென்சிட்டி தர்றோம்’ என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது ரீபாண்டட்டைத்தான். ஒரே வகைப் பொருளுக்குள்தான் டென்சிட்டியை ஒப்பிட வேண்டும். ஃபோமை ஃபோமோடு, ரீபாண்டட்டை ரீபாண்டட்டோடு.

இரண்டாவது, சுண்ணாம்புப் பொடி. ஃபோம் ஊற்றும்போது கால்சியம் கார்பனேட் கலந்து எடையை ஏற்றுகிற வழக்கம் உண்டு. தராசில் டென்சிட்டி சரியாகக் காட்டும், ஆனால் அந்த எடை ஃபோமின் எடை இல்லை. அப்படிப்பட்ட ஃபோமைக் கையில் வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். முஷ்டியால் அமுக்கிவிட்டுப் பார்த்தால் சோம்பலாக எழும். ஓரத்தைக் கிள்ளினால் சட்டென்று பிய்ந்து வரும். நல்ல ஃபோம் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அதனால்தான் ஜிப் வைத்த கவர் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சுற்றிலும் தைத்து மூடிவிட்ட மெத்தையில் உள்ளே என்ன என்று பார்க்க வழியே கிடையாது. தைத்ததுதான் வேண்டுமென்றால், கடையில் அதே மாடலின் குறுக்குவெட்டுத் துண்டு இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துப் பாருங்கள்.

அந்தத் தம்பதிக்கு வருகிறேன். பள்ளம் விழுந்த மெத்தையில் அவதிப்பட்டதால் கணவர் நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். “கல்லு மாதிரி வேணுங்க. தரையில படுத்தாத்தான் முதுகு நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார். நிறைய பேர் இப்படி நம்புகிறார்கள். கடைகளில் ‘ஆர்த்தோ’ என்று பெயர் போட்டு விற்கப்படுகிறவையும் பெரும்பாலும் மிகக் கெட்டியான மெத்தைகள்தான். இந்த விஷயத்தில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்ததில் நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது.

காரணம் உடம்பின் வடிவத்தில் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் தோளும் பிருஷ்டமும் கீழே, இடுப்பின் வளைவு மேலே. மிகவும் கெட்டியான மெத்தையில் அந்த வளைவுக்குக் கீழே இடைவெளி விழுந்து, ராத்திரி முழுக்க அந்தத் தசைகள் இறுகியே இருக்கும். மிகவும் மெத்தென்றிருந்தால் இடுப்பு அமிழ்ந்து முதுகு தொட்டில் போல வளையும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குக் கெட்டி மெத்தையில் தோளும் இடுப்பெலும்பும் வலித்து, புரண்டு புரண்டு படுப்பார்கள்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கிற மாதிரியே படுங்கள். உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. பத்து நிமிடமாவது படுத்திருங்கள், கடைக்காரர் பக்கத்தில் நிற்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். மல்லாந்து படுக்கும்போது இடுப்பு வளைவுக்குக் கீழே கையை விடுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி அதிகம். கையை நுழைக்கவே முடியாமல் இறுகினால் மெத்தை மென்மை அதிகம். கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுக்கும்போது கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று. கணவன் மனைவி இருவரும் படுக்கிற மெத்தையென்றால் இருவரும் சேர்ந்து படுத்துப் பார்க்க வேண்டும். எடை வித்தியாசம் அதிகமிருந்தால் ஒருவர் பக்கம் மற்றவர் சரிவது அப்போதுதான் தெரியும்.

திருப்பூர்க் கணவர் முதலில் தான் கேட்ட கெட்டி மெத்தையில்தான் படுத்தார். கை சுலபமாகப் போய் வந்தது. ஒருக்களித்ததும் ஐந்து நிமிடத்தில் தோளை மாற்றினார். அப்புறம் அடியில் கெட்டியும் மேலே இரண்டு அங்குலம் இளக்கமும் உள்ள ஒன்றில் படுக்கவைத்தோம். அதில் பேசிக்கொண்டே அசையாமல் படுத்திருந்தார். எடை அதிகமுள்ளவர்களுக்கு இந்த அமைப்பு ஒத்துவருவதற்குக் காரணம் உண்டு. அடித்தளம் இடுப்பை அமிழ விடாமல் தாங்கும், மேலடுக்கு தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் வழிவிடும். 58 கிலோ உள்ள அவர் மனைவிக்கு அந்த மேலடுக்கு போதுமான இளக்கமாக இருந்தது. அவர் அடித்தளம் வரை அமிழ்வதே இல்லை.

மேலே என்ன பொருள் போடுவது என்பதில் நம் ஊர் வெயில் முக்கியம். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும் பொருள். குளிர் நாடுகளிலும் ஏசி அறைகளிலும் அது சுகமாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஷோரூம் 24 டிகிரியில் இருக்கும், ஏப்ரல் இரவில் ஏசி இல்லாத உங்கள் படுக்கையறை 32 டிகிரியில் இருக்கும். அதே மெத்தை வீட்டில் இன்னும் இளகி, உடம்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் ஃபோம் சூழ்ந்துகொள்வதால் வியர்வையும் அதிகம். ‘கூல் ஜெல்’ என்று மேலே பூசியிருப்பது படுத்த கொஞ்ச நேரத்துக்குக் குளுமை தரும், அது உடம்புச் சூட்டை எட்டியதும் அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஏசி போடாத வீட்டுக்கு மெமரி ஃபோமை நான் சொல்வதில்லை.

இயற்கை லேடெக்ஸ் ரப்பர் பாலை நுரையாக அடித்து, அச்சில் ஊற்றி வேகவைத்துச் செய்வது. அச்சின் ஊசிகளால் வரிசை வரிசையாகத் துளை விழுந்திருக்கும், அதனால் காற்று போய்வரும். சூட்டில் அதிகம் மாறாது, அமுக்கினால் உடனே எழும், பல வருடம் வரும். விலை அதிகம் என்பதுதான் தடை. அதனால் முழு மெத்தையும் லேடெக்ஸாக வாங்குவதைவிட, மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸ் போட்டு அடியில் வேறு பொருள் வைப்பது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். செயற்கை ரப்பர் கலந்த லேடெக்ஸும் சந்தையில் இருக்கிறது. ‘லேடெக்ஸ்’ என்று மட்டும் பில்லில் போட்டால் போதாது, எத்தனை சதவீதம் இயற்கை என்று எழுதி வாங்குங்கள்.

அடித்தளத்துக்கு ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தை, அதாவது காயர், எனக்குப் பிடித்தமானது. பொள்ளாச்சிப் பக்கம் நார் கிடைக்கிறது, காற்றோட்டம் இயல்பாகவே உண்டு, கெட்டியும் உண்டு. சுருட்டிய நார்மேல் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வார்கள். ரப்பரைக் குறைத்தால் தரம் போய்விடும். வாங்கி ஒரு வருடத்துக்குள் கட்டிலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் தூள் விழ ஆரம்பித்தால், ரப்பர் பிடிப்பு போதாமல் நார் உடைகிறது என்று அர்த்தம். காயரை மடிக்கவே கூடாது, வீடு மாறும்போது மடித்துக் கட்டிய இடத்தில் முறிந்து, திரும்பச் சேராது.

ஸ்பிரிங் மெத்தையைப் பற்றி இங்கே நீளமாகப் போகவில்லை. போனல் வகையில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒருவர் புரண்டால் அடுத்தவருக்கு ஆடும், பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித் துணிப்பையில் இருப்பதால் ஆட்டம் குறைவு. அதிலும் முதலில் கெடுவது கம்பி இல்லை, மேலே போட்ட ஃபோம்தான். அதனால் அங்கேயும் அந்த ஃபோமின் டென்சிட்டியைத்தான் கேட்க வேண்டும்.

இலவம் பஞ்சு மெத்தையை நினைக்காமல் இருக்க முடியாது. போடிநாயக்கனூர்ப் பஞ்சில் தைத்த மெத்தை வெயில் காலத்துக்கு அருமையானது. வருடத்துக்கு ஓரிரு முறையாவது வெயிலில் போட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க ஆள் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்தில் ஃபோம் மெத்தையையும் லேடெக்ஸையும் மொட்டைமாடியில் காயப்போட்டுவிடாதீர்கள். லேடெக்ஸ் வெயில் பட்டால் மஞ்சளாகிக் கெட்டியாகி, பொடிப்பொடியாக உதிரும். ஃபோமும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து, நிழலில், சுவரில் சாய்த்து வைத்தால் போதும்.

வாங்கப் போவதற்கு முன்னால் கட்டிலை அளந்துகொள்ளுங்கள், வெளிச்சட்டத்தை இல்லை, மெத்தை உட்காருகிற உள்பக்கத்தை. ‘ஆறேகாலுக்கு ஐந்து’ என்று நினைத்துக்கொண்டு வருகிற கட்டில் ஆறரைக்கு ஐந்தாக இருப்பது சகஜம். உயரத்தையும் பாருங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குக் கட்டிலும் மெத்தையும் சேர்ந்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிகிற உயரம் இருக்க வேண்டும். பத்து அங்குல மெத்தையைப் பெட்டி வைத்த உயரக் கட்டிலில் போட்டால் அம்மா அப்பாவுக்குக் கால் தொங்கும். உயரம் கூடினால் தரம் கூடும் என்பதும் இல்லை. ஆறு அங்குலத்தில் நல்ல பொருள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கட்டிலில் சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எந்த மெத்தையும் அந்த இடத்தில் இறங்கும், பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டி அட்டையில் பத்து வருடம் என்ற எழுத்து பெரிதாக இருக்கும். எவ்வளவு பள்ளம் விழுந்தால் குறை என்று ஒப்புக்கொள்வார்கள் என்பது உள்ளே சின்னதாக இருக்கும். பெரும்பாலும் ஆள் படுக்காத நிலையில் ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல் பள்ளம் விழ வேண்டும். அரை அங்குலப் பள்ளமே முதுகுக்குத் தெரியும், ஆனால் அது வாரண்டிக்குள் வராது. கறை பட்டிருந்தால் செல்லாது என்ற விதியும் இருக்கும், அதனால் முதல் நாளே தண்ணீர் இறங்காத மேலுறை போட்டுவிடுங்கள். சில வருடத்துக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தாலும், பயன்படுத்திய காலத்துக்குப் பணம் கழிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திருப்பித் தரும் காலத்துக்குள்ளேயே எடை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சுருட்டி அடைத்து வரும் மெத்தை முழு உயரத்துக்கு எழ ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை பொறுத்துப் பின்பு அளக்கவும்.

திருப்பூர்க்காரர்கள் கடைசியில் எடுத்தது நாங்கள் பட்டறையில் செய்கிற ஒன்றுதான்: அடியில் நான்கு அங்குலம் 90 டென்சிட்டி காயர், மேலே இரண்டு அங்குலம் இயற்கை லேடெக்ஸ், ஜிப் வைத்த பருத்திக் கவர். அந்த அளவுக்கு மெத்தை 40 கிலோ வருகிறது. சுற்றிப் போட இரண்டு பேர் வேண்டும், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதனாலேயே நான் இதைச் சொல்வதில்லை. லேடெக்ஸ் மேலேதான் இருக்க வேண்டும் என்பதால் மேல்கீழாகப் புரட்டவும் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகச் சுற்றிப் போட்டால் போதும். முழுக்க லேடெக்ஸ் மெத்தையைவிட விலை நன்றாகவே குறையும். ஒவ்வொரு அடுக்கின் பொருளும் உயரமும் டென்சிட்டியும், மொத்த எடையும் பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறோம். உங்கள் கட்டிலின் உள்ளளவும், படுக்கிறவர்களின் எடையும், எந்தப் பக்கம் படுப்பார்கள் என்பதும் சொன்னால் அதற்கேற்ற கெட்டியில் செய்து தருவோம். கடைக்கு வந்தால் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தராசு வாசலிலேயே இருக்கிறது.